முறுக்குப் படமும் மூன்று உரிமங்களும்: ஒரு தீபாவளிச் சுவரொட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கணவனும் மனைவியும் நடத்தும் பலகாரக் கடை அது. ஆண்டு முழுவதும் முறுக்கு, சீடை, மிக்சர் விற்றாலும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள்தான் கடைக்கு உயிர். அலுவலகங்களும் அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் பலகாரப் பெட்டிகளுக்கு முன்பதிவு செய்யும் காலம் அது. 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கடைக்காரர் சுவரொட்டிக்குச் சொல்லிவிட்டார்.

வடிவமைத்தது கடைக்கார அம்மாவின் தங்கை மகள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, கைத்திறன் உள்ள பெண். அவள் மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்தாள். பின்னணியில் அகல்விளக்கு வரிசை, வலப்பக்கம் பச்சைப் பட்டுப்புடவையில் தட்டேந்திச் சிரிக்கும் ஒரு பெண், நடுவில் எவர்சில்வர் தட்டு நிறைய முறுக்கு. மூன்றும் இணையத்திலிருந்து காசில்லாமல் எடுத்தவை. அவளைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே வகை, அதாவது "இலவசப் படங்கள்".

நான் அதை அச்சிட்ட அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளன். ஏ2 அளவில் இரண்டு சுவரொட்டிகள், ஏ5 அளவில் ஐந்நூறு துண்டறிக்கைகள் என்று வேலை வந்தது. கோப்பைத் திறந்ததும் ஒன்று என் கண்ணில் பட்டது. விளக்குப் படமும் பெண்ணின் படமும் நல்ல பெரிய அளவில் இருந்தன. முறுக்குப் படம் மட்டும் 1024 புள்ளி அகலம். அதை முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்திருந்தாள். கணக்குப் போட்டால் அங்குலத்துக்குத் தொண்ணூறு புள்ளிகூட வரவில்லை. சுவரொட்டிக்குக் குறைந்தது நூற்றைம்பது வேண்டும் என்று நாங்கள் கேட்பது வழக்கம். "முறுக்கு மட்டும் மங்கலாகத் தெரியும்" என்று செய்தி அனுப்பினேன். "பரவாயில்லை அண்ணா" என்று பதில் வந்தது. அச்சடித்துக் கொடுத்தோம்.

படம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது, எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. இன்று அந்தக் கோப்பு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். ஒரு படத்தின் மூலப் பக்கத்துக்குப் போனவர் பெரும்பாலும் பெரிய அளவையே எடுத்திருப்பார். சிறிய அளவு கையில் இருந்தால், தேடல் முடிவுகளிலிருந்தோ வேறொருவர் பக்கத்திலிருந்தோ எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி எடுத்தவர் உரிமப் பக்கத்தைப் பார்த்திருக்கவும் மாட்டார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் சுவரொட்டிகள் கடை முன்பு ஏறின. அதே படத்தை அந்தப் பெண் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டாள். பின்னால் வந்த சிக்கல் அந்தப் பதிவின் வழியாகத்தான் வந்தது. நடைவழியில் தொங்கும் தாளை வெளிநாட்டில் இருக்கும் எவரும் பார்க்கப் போவதில்லை. இணையத்தில் ஏற்றிய படத்தை, ஒத்த படங்களைத் தேடும் மென்பொருள்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடும்.

அக்டோபர் 1: மின்னஞ்சல்

கடையின் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது ஒரு புகைப்படக்காரரின் சார்பில் உரிமம் கேட்கும் முகவர் நிறுவனம். ஃபேஸ்புக் பதிவின் திரைப்பிடிப்பு, மூலப் படம் இருக்கும் பக்கத்தின் முகவரி, அந்தப் படத்தின் உரிமப் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. படம் CC BY-SA 2.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது, நீங்கள் புகைப்படக்காரரின் பெயரைக் குறிப்பிடவில்லை, ஆகவே உங்கள் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை, பதினான்கு நாளில் 490 யூரோ செலுத்துங்கள் என்பது சாரம்.

கடைக்காரர் இதை மோசடி என்றார். அவர் மனைவி உடனே கட்டிவிடலாம் என்றார். தீபாவளி நேரத்தில் வழக்கு, வம்பு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. இருவரும் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் மாலை அச்சகத்துக்கு வந்தார்கள். தங்கை மகளும் கூட வந்தாள்; அழுதிருந்தாள்.

"தம்பி, குழந்தை இலவசம் என்று போட்டிருந்ததைத்தானே எடுத்தாள்?" என்று அக்கா கேட்டார்.

"இலவசம்தான் அக்கா. ஆனால் ஒரு நிபந்தனையோடு இலவசம்" என்றேன்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அன்றிரவு பதில் எழுதுவதில்லை, பணமும் கட்டுவதில்லை. இரண்டாவது, எதையும் அழிக்குமுன் எல்லாவற்றையும் சேமித்து வைப்பது. ஃபேஸ்புக் பதிவைத் தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்தோம். உலாவியின் பதிவிறக்க வரலாற்றைத் திறந்து, மூன்று படங்களும் எந்தத் தேதியில் எந்த முகவரியிலிருந்து இறங்கின என்று குறித்துக்கொண்டோம். அச்சுக் கோப்பின் நகலைத் தனியே வைத்தோம். அதன் பிறகுதான் பதிவை நீக்கினோம். கடை முன்பிருந்த சுவரொட்டியில் முறுக்கு இருந்த இடத்தில், முன்பதிவுத் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிய மஞ்சள் அட்டை ஒன்றை ஒட்டினோம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பயந்துபோய் முதலில் அழித்துவிட்டால், படம் எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு பெரிதாக இருந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லக் கையில் ஆதாரம் இருக்காது. பேச்சுவார்த்தையில் தொகையைக் குறைக்க உதவுவதே இந்த விவரங்கள்தான்.

அடுத்து, கடிதம் உண்மையானதுதானா என்று பார்த்தோம். கடிதத்தில் இருந்த இணைப்பைச் சொடுக்காமல், புகைப்படப் பகிர்வுத் தளத்தின் முகவரியை நாங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் படத்தைத் தேடினோம். கிடைத்தது. தட்டின் இடது ஓரத்தில் ஒரு முறுக்கின் வெளிச்சுற்று உடைந்து, துண்டு சற்றுத் தள்ளிக் கிடந்தது. சுவரொட்டியில் தட்டை வெட்டி எடுத்துவிட்டு முறுக்குகளை மட்டும் விட்டிருந்தாள். ஆனால் அந்த உடைந்த துண்டு அங்கேயும் இருந்தது. ஒரே படம் என்பதில் ஐயமில்லை. பிறகு அந்தத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே புகைப்படக்காரருக்கு எழுதி, இந்த முகவர் உங்களுக்காகத்தான் செயல்படுகிறாரா என்று கேட்டோம். இரண்டு நாளில் ஆம் என்று பதில் வந்தது. இந்தப் படிநிலையை யாரும் விட்டுவிடக் கூடாது. அடுத்தவர் படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் கடிதங்களும் உலவுகின்றன.

முறுக்குப் படம்: உரிமத்தில் என்ன இருந்தது

தேடியவள் கூகுள் படத் தேடலில் பயன்பாட்டு உரிமை என்ற வடிகட்டியைப் போட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்த வடிகட்டி தவறு செய்யவில்லை. படத்துக்கு அப்படி ஓர் உரிமம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. எந்த வகை உரிமம், என்ன நிபந்தனை என்பதை மூலப் பக்கத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். அவள் தேடல் முடிவில் தெரிந்த படத்தையே சேமித்துவிட்டாள். 1024 புள்ளிக்குக் காரணம் அதுதான்.

CC BY-SA 2.0 என்ற எழுத்துகளை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தோம். CC என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது சொன்ன நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்று படைப்பாளி தரும் பொது உரிமம். BY என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். SA என்றால் படத்தை மாற்றிப் புதிதாக ஒன்றைச் செய்தால், அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். NC என்ற எழுத்து இல்லை. ஆகவே வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இல்லை. ND என்ற எழுத்தும் இல்லை. ஆகவே வெட்டலாம், ஒட்டலாம். ஒரு கடை விளம்பரத்துக்கு இந்தப் படத்தைப் பயன்படுத்தியதில் தவறே இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணுக்குச் சற்று உயிர் வந்தது. விட்டுப்போனது பெயர் மட்டும்தான். சுவரொட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் பெயர் பற்றிய புகாருக்கே இடமிருந்திருக்காது:

```
முறுக்குப் படம்: "(படத்தின் தலைப்பு)", (எடுத்தவர் பெயர்),
(மூலப் பக்க முகவரி), CC BY-SA 2.0 (உரிமப் பக்க முகவரி), பின்னணி நீக்கப்பட்டது
```

பெயரை விட்டது சிறிய பிழையாகத் தெரியலாம். உரிமத்தின் பதிப்பு எண் அதைப் பெரிதாக்கிவிட்டது. 2.0 பதிப்பின்படி நிபந்தனையை மீறிய கணமே உரிமம் தானாக முடிந்துவிடும். பெயரைப் பிறகு சேர்த்தாலும் பழைய அனுமதி திரும்பி வராது. உரிமையாளரிடம் புதிதாகக் கேட்க வேண்டும். 2013இல் வெளியான 4.0 பதிப்பு இதில் இரக்கமானது. மீறல் நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால், சரிசெய்த நாள் முதல் உரிமம் மீண்டும் உயிர்பெறும். இடையில் பெயரில்லாமல் கிடந்த நாள்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அப்போதும் உரிமையாளருக்கு உண்டு. ஆனாலும் நம் நிலை எவ்வளவோ வலுவாக இருக்கும். இணையத்தில் பழைய பதிப்பு உரிமங்களோடு இன்னும் ஏராளமான படங்கள் கிடக்கின்றன. பெயரை விட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கட்டணம் கேட்பவர்களுக்கு அவையே வசதி.

SA பற்றியும் சொல்ல வேண்டும். முறுக்கைத் தட்டிலிருந்து வெட்டி எடுத்து, விளக்குகளின் மேல் வைத்து, நிழல் சேர்த்து அவள் செய்தது புதிய ஆக்கம் என்றே கொள்ளப்படும். அப்படியானால் அந்தச் சுவரொட்டியையும் அதே உரிமத்தில், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையில் வெளியிட வேண்டும். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். மற்ற இரண்டு படங்களை அப்படி வெளியிட அவருக்கு உரிமையும் இல்லை. கடைச் சுவரொட்டிக்கு SA உள்ள படத்தை வெட்டி ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது என்பது இந்த நிகழ்வுக்குப் பிறகு என் உறுதியான கருத்து.

புடவை அணிந்த பெண்

ஒரு படத்தில் அடிபட்டதால் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம் என்றேன். அவற்றைப் பற்றி எவரும் புகார் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முறுக்கைவிட அதிகம் உறுத்தியது இந்தப் பெண்ணின் படம்தான்.

அது பெக்சல்ஸ் தளத்திலிருந்து முறையாக இறக்கிய படம். அந்தத் தளத்தின் உரிமத்தில் பெயர் குறிப்பிடுவது கட்டாயமில்லை, வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை, மாற்றலாம். ஆனால் அதே பக்கத்தில் சற்றுக் கீழே, செய்யக் கூடாதவை என்று சில வரிகள் இருக்கின்றன. படத்தில் இருப்பவர் நம் பொருளைப் பரிந்துரைப்பதுபோலக் காட்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

நம் சுவரொட்டியில் அந்தப் பெண்ணின் வாயருகே ஒரு பேச்சுக் குமிழ் இருந்தது. அதனுள் "எங்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் இந்தக் கடையில்தான்!" என்று எழுதியிருந்தது.

அவர் யார், எந்த ஊர் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. இந்தக் கடையின் முறுக்கை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் வாயில் ஒரு பொய்யை வைத்து ஐந்நூறு தாள் அச்சடித்து, தேக்கா நிலையத்துக்கு வந்துபோகிறவர்கள் கையில் கொடுத்திருந்தோம்.

குமிழை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா என்று மாணவி கேட்டாள். உரிமத்தின் எழுத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் போதும். ஆனால் வேறு இரண்டு கேள்விகள் மிஞ்சின. ஒன்று, பதிப்புரிமை புகைப்படக்காரருடையது. முகம் அந்தப் பெண்ணுடையது. புகைப்படக்காரர் கொடுக்கும் உரிமம் முகத்துக்கான சம்மதத்தைத் தானாகக் கொண்டுவந்துவிடாது. விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்டு அந்தப் பெண் எழுதித் தந்த தாள் ஏதும் இருக்கிறதா என்று அந்தப் படப் பக்கத்தில் தேடினோம், எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டு, கடைப் பெயருக்குக் கீழே சிரித்த முகம் ஒன்று இருந்தால், குமிழ் இல்லாவிட்டாலும் பார்ப்பவர் அவரை வாடிக்கையாளர் என்றுதான் நினைப்பார்.

படத்தை முழுவதும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். கடைக்காரருக்கு வருத்தம், சுவரொட்டிக்கே அழகு அந்த முகம்தான் என்றார். அது உண்மைதான்.

அகல்விளக்கு

இந்தப் படம் அன்ஸ்பிளாஷ் தளத்தில் எடுத்தது. இதில் குறை காணவில்லை. அந்தத் தளத்தின் உரிமமும் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, பெயர் கட்டாயமில்லை. முகம் இல்லை, நிறுவனச் சின்னம் இல்லை, வேறொருவரின் ஓவியமோ சிலையோ படத்துக்குள் இல்லை. தேடல் முடிவுகளில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமான படங்களும் கலந்து வருகின்றன; இது அந்த வகை அல்ல என்பதைப் பதிவிறக்க வரலாறும் படப் பக்கமும் உறுதி செய்தன.

ஏற்றியவரே எடுத்தவர்தானா என்பதையும் சோதித்தோம். இலவசத் தளங்களில் திருடிய படத்தை ஏற்றுபவர்களும் உண்டு. அதை நம்பி எடுத்தவரும் உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. ஒரு படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டிலும் படத்தை ஏற்றித் தேடினோம். இந்தத் தளத்தில் ஏறிய நாளுக்கு முன்பு வேறு எங்கும் வந்ததாகத் தெரியவில்லை. ஏற்றியவரின் மற்ற படங்களைப் பார்த்தோம். அதே விளக்குகள், அதே திண்ணை, வேறு வேறு கோணங்களில் ஏழெட்டுப் படங்கள். ஒரே மாலையில் ஒருவர் நின்று எடுத்தவை என்பது பார்த்த உடனே புரிந்தது. திருடிய படத்துக்கு இப்படி உடன்பிறப்புகள் இருப்பது அரிது.

கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இந்த விளக்குப் படத்தை வாழ்த்து அட்டையாக அச்சடித்து இரண்டு வெள்ளிக்கு விற்கலாமா? விற்க முடியாது என்றேன். சுவரொட்டியில் விற்கப்படுவது முறுக்கு. படம் அதற்குத் துணை. அட்டையில் விற்கப்படுவது படமேதான். குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் செய்யாமல் படத்தையே விற்பதை அந்த உரிமம் அனுமதிப்பதில்லை. பெட்டி மூடியில் கடையின் நிரந்தரச் சின்னமாகப் போடலாமா என்றார். அதுவும் வேண்டாம் என்றோம். எவரும் எடுக்கக்கூடிய படத்தை எப்படி ஒரு கடை தன் சின்னமாக உரிமை கொண்டாட முடியும்?

பதிலும் முடிவும்

அக்டோபர் 7ஆம் தேதி ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் ஆலோசனை கேட்டோம். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது தனி உரிமையாகவே இருக்கிறது. அது அந்த ஆண்டு நவம்பர் 21இல் நடப்புக்கு வந்தது. வழக்கு என்று போனால், உண்மையான இழப்பை நிறுவாமலே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது உச்ச வரம்பு. ஒரு சிறு கடையின் மூன்று வாரப் பதிவுக்கு அவ்வளவு வரும் என்று பொருளல்ல. இரண்டையும் அவர் பொறுமையாக விளக்கினார். தவறை மறுக்க வேண்டாம், கேட்ட தொகையை அப்படியே கொடுக்கவும் வேண்டாம் என்பது அவர் அறிவுரை.

பதிலை மாணவியே எழுதினாள், நான் திருத்தினேன். படத்தை எப்போது ஏற்றினோம், எப்போது நீக்கினோம், எத்தனை பேர் பார்த்ததாகப் பக்கம் காட்டுகிறது, அச்சுப் பிரதிகள் எத்தனை என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். பெயர் விட்டுப்போனதற்கு வருத்தம் தெரிவித்தோம். இதே புகைப்படக்காரர் தம் படங்களுக்குப் பொதுவாக என்ன கட்டணம் வாங்குகிறார் என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு நேரடி விடை வரவில்லை; தொகை மட்டும் இறங்கியது. இரண்டு சுற்று மடல்களுக்குப் பிறகு 200 யூரோவில் முடிந்தது. பணம் கட்டுமுன், இந்தப் பயன்பாடு பற்றிய எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முடிந்தன என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அந்த வரி இல்லாமல் பணம் கட்டியிருந்தால், துண்டறிக்கைக்கு என்று இன்னொரு கடிதம் வந்திருக்கலாம்.

கடைக்காரருக்கு அதைவிடக் கடினமாக இருந்தது காலம்தான். மீதமிருந்த நூற்றுச் சொச்சம் துண்டறிக்கைகளைக் கழித்துவிட்டோம். புதுச் சுவரொட்டி ஏற அக்டோபர் 12 ஆகிவிட்டது. முன்பதிவு மும்முரமாக நடக்கும் நாள்களில் பத்து நாள், ஒட்டுப்போட்ட சுவரொட்டியோடு கடை நடந்தது. மறு அச்சுக்குத் தாள் செலவை மட்டும் அச்சகம் வாங்கிக்கொண்டது. கேட்க வேண்டியதைக் கேட்காத பொறுப்பு எங்களுக்கும் இருந்தது.

புதுச் சுவரொட்டி

முறுக்குப் படத்தைக் கடையிலேயே எடுத்தோம். காலை ஒன்பது மணி, கடை முன்பு நடைவழியின் நிழல், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியின் மேல் வாழையிலை. வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினோம். முறுக்குச் சுற்றுகளின் உட்பக்க இருட்டு குறைந்தது. மாணவியின் கைப்பேசி 4000க்கு 3000 புள்ளியில் எடுத்தது. அதை நிமிர்த்தி வைத்து ஏ2 முழு அகலத்துக்கே இழுத்தாலும் அங்குலத்துக்கு 180 புள்ளி வரும். முதல் சுவரொட்டியில் மங்கிய முறுக்கு, இதில் எள் தெரியும் அளவுக்குத் தெளிவாக வந்தது. முகம் இருந்த இடத்தில், தட்டை நீட்டும் அக்காவின் இரண்டு கைகள். வளையலும் மோதிரமும் அவருடையவை. பெயர் வேண்டாம், கைகள் மட்டும் போதும் என்று அவரே சொன்னார்.

விளக்குப் படம் அப்படியே இருந்தது. கட்டாயமில்லாவிட்டாலும் எடுத்தவர் பெயரை அடியில் போட்டோம்.

மாற்றிக்கொண்டவை

மாணவி இப்போது முதலில் இரண்டு தளங்களில் மட்டுமே தேடுகிறாள். எந்தத் தளத்தில் அழகான படங்கள் அதிகம் என்பதை வைத்து அவள் தேர்வு செய்யவில்லை. தளம் முழுவதற்கும் ஒரே உரிமம் இருக்கிறதா, அது இரண்டு பக்கத்துக்குள் படித்து முடிக்கக்கூடியதா என்று பார்த்தாள். அன்ஸ்பிளாஷும் பெக்சல்ஸும் அதில் தேறின. பிக்சபே தளமும் அதே வகைதான். ஆனால் அங்கே முடிவுகளோடு விலைக்கு விற்கும் வேறொரு தளத்தின் படங்களும் விளம்பரமாக வரும். அவசரத்தில் அதைச் சொடுக்கிவிடுவோம் என்று அவள் ஒதுக்கி வைத்தாள். ஃப்ரீபிக் தளத்தில் இலவசக் கணக்குக்குப் பெயர் குறிப்பிடும் கடமை உண்டு. விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி உரிமம். கோயில், பழைய சிங்கப்பூர்த் தெரு போன்ற படங்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே கோப்புப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

நாள் குறிப்பதும் வழக்கமாகிவிட்டது. தளங்கள் உரிமத்தை மாற்றும். அன்ஸ்பிளாஷ் 2017 வரை எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் CC0 முறையில் படங்களைத் தந்தது. பிறகு தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. பிக்சபே 2019இல் அவ்வாறே மாறியது. நாம் எடுத்த அன்று என்ன எழுதியிருந்தது என்று காட்ட நம்மிடம் சான்று வேண்டும். படப் பக்கம், உரிமப் பக்கம் இரண்டையும் திரைப்பிடிப்பு எடுப்பதோடு, உரிமப் பக்கத்தை web.archive.org தளத்தில் அன்றே சேமித்தும் வைக்கிறாள். ஒவ்வொரு சுவரொட்டிக் கோப்போடும் இப்படி ஒரு குறிப்பு வருகிறது:

```
கோப்பு: vilakku-01.jpg
பக்கம்: (படத்தின் முழு முகவரி)
எடுத்தவர்: (பெயர்)
உரிமம்: Unsplash License
இறக்கிய நாள்: 27-08-2024
முகம் / சின்னம்: இல்லை
பயன்: சுவரொட்டி, துண்டறிக்கை, ஃபேஸ்புக்
```

அச்சகத்தில் எங்கள் வேலைச் சீட்டிலும் ஒரு கட்டம் சேர்த்தோம்: படங்கள் எங்கிருந்து? வாடிக்கையாளர் அதை வெறுமையாக விட்டால் தொலைபேசியில் கேட்கிறோம். சிலருக்கு எரிச்சல் வருகிறது. இரண்டு பேர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள்.

2025 சனவரியில் பொங்கல் சுவரொட்டிக்கான கோப்பை மாணவி அனுப்பினாள். பானைக்கும் மஞ்சள் கொத்துக்கும் குறிப்பு முழுமையாக இருந்தது. கரும்புக்கு நேரே "எடுத்தவர் யார் என்று தெரியவில்லை, நீக்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். சுவரொட்டியின் இரண்டு ஓரங்களிலும் இருந்த கரும்புகள் அவள் கையால் வரைந்தவை.